மண்ணுக்குள் ஒரு குடிக்கணக்கு

கத்தரி நட்டிருந்த விவசாயி ஒருவர், மண் பரிசோதனைத் தாளை என் முன்னால் நீட்டினார். 200 சி.சி. மண்ணில் 1,150 நூற்புழுக்கள் என்று ஒரே வரி இருந்தது.

"ஆயிரத்தைத் தாண்டிடுச்சே சார், மருந்து போட்டுடலாமா?"

"அதுல வேரைத் தின்கிறது எத்தனைன்னு போட்டிருக்காங்களா?"

தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

அவர் பயந்ததில் தவறில்லை. நூற்புழு என்றால் நமக்குத் தெரிந்ததெல்லாம் வேரில் முடிச்சுப் போட்டுச் செடியைச் சோர வைக்கிற எதிரிதான். 1961-இல் நீலகிரி உருளைக்கிழங்குத் தோட்டங்களில் முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அந்தப் பெயருக்கு இன்னும் கெட்ட பெயர் சேர்ந்தது. ஆனால் ஒரு கைப்பிடி மண்ணில் வேரைத் தொடாத நூற்புழுக்களும் ஏராளம். பாக்டீரியாவைத் தின்பவை, பூஞ்சையை உறிஞ்சுபவை, மற்ற நூற்புழுக்களையே பிடித்து விழுங்குபவை எனப் பல தொழில்காரர்கள் அங்கே சேர்ந்து வாழ்கிறார்கள். இவர்களில் யார் யார் என்ன விகிதத்தில் இருக்கிறார்கள் என்று எண்ணினால், அந்த மண்ணில் அண்மையில் என்ன நடந்தது என்பதை ஓரளவு ஊகிக்க முடியும். அதற்கான கணக்கைக் கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்த எவரும் போடலாம். வந்த விடையை வாசிப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

வாயைப் பார்த்தால் தொழில் தெரியும்

பெரும்பாலான மண் நூற்புழுக்கள் ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இராது. உடல் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவக்கூடியது. அதனால் நுண்ணோக்கியின் கீழ் வாயும் தொண்டையும் தெளிவாகத் தெரியும். அடையாளம் காண்பவர் முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.

வாயில் ஊசி எதுவும் இல்லாமல் திறந்த குழாய்போல் இருந்து, தொண்டையின் அடியில் அரைக்கும் குமிழ் தெரிந்தால், அது அநேகமாகப் பாக்டீரியா தின்னி. மெல்லிய ஊசியும், உடலின் அகலத்தையே அடைக்கிற பெரிய நடுக்குமிழும் இருந்தால், பூஞ்சை இழையில் துளையிட்டு உறிஞ்சும் அஃபெலென்கஸ் இனம். பீப்பாய் போன்ற அகன்ற வாயும் அதற்குள் ஒரு பல்லும் இருந்தால், மற்ற புழுக்களை விழுங்கும் மோனோன்கஸ் வகை வேட்டையாடி. பேனா நிப்புபோல் சாய்வாக வெட்டிய உட்குழல் ஈட்டி இருந்தால் டோரிலைம் கூட்டம். இவற்றில் பல, கிடைத்ததைத் தின்னும் அனைத்துண்ணிகள்.

எந்தக் குடும்பம் எதைத் தின்கிறது என்ற பட்டியலை நியூசிலாந்தின் கிரெகர் யேட்ஸும் அவருடைய சகாக்களும் 1993-இல் தொகுத்தார்கள். இன்றும் உணவு வகை பிரிப்பதற்கு அந்தப் பட்டியலே அடிப்படை.

அவசரக்காரர்களும் நிதானக்காரர்களும்

உணவு வகை மட்டும் போதாது என்று கண்டவர் நெதர்லாந்தின் வாகெனிங்கன் நகரத்து ஆய்வாளர் டாம் போங்கர்ஸ். 1990-இல் அவர் ஒவ்வொரு நூற்புழுக் குடும்பத்துக்கும் 1 முதல் 5 வரை ஒரு மதிப்பு கொடுத்தார். வாழ்கிற வேகத்தை வைத்து இட்ட மதிப்பு அது.

மதிப்பு 1 பெற்றவை அவசரக்காரர்கள். சாணமோ பச்சிலையோ மண்ணில் விழுந்து பாக்டீரியா பெருகினால், சில நாட்களிலேயே இவை பல மடங்காகிவிடும். ஆய்வகங்களில் புகழ்பெற்ற சி. எலிகன்ஸ் இந்த வகை. 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் முட்டையிலிருந்து முட்டையிடும் பருவத்துக்கு வர அதற்கு மூன்றரை நாள் போதும். உணவு தீர்ந்தால் வாயை மூடி, தின்னாமல் உறங்கும் இளம்புழுவாக மாறிக் காத்திருக்கும்.

மதிப்பு 2 பெற்றவை எதையும் தாங்குகிறவை. செபலோபிடே குடும்பத்துப் பாக்டீரியா தின்னிகளும் அஃபெலென்கஸ் போன்ற பூஞ்சை தின்னிகளும் இதில் வரும். வளமான மண்ணிலும் இருக்கும், வறண்ட மண்ணிலும் இருக்கும், மாசுபட்ட மண்ணிலும் இருக்கும்.

4, 5 மதிப்பு பெற்றவை நிதானக்காரர்கள். டோரிலைம்களும் மோனோன்கஸும் இங்கே. உடல் பெரிது, ஆயுள் நீளம், முட்டை குறைவு. தோல் எளிதில் ஊடுருவத்தக்கது என்பதால் செம்பு போன்ற உலோகங்களும் அமோனியமும் இவற்றை முதலில் தாக்கும். ஒருமுறை அழிந்தால் திரும்பிவர நீண்ட காலம் பிடிக்கும். ஆகவே இவை மண்ணில் இருந்தால், கொஞ்ச காலமாகவேனும் அங்கே பெரிய கலவரம் நடக்கவில்லை என்று கொள்ளலாம்.

பையில் மண்ணும் தட்டில் புழுவும்

கணக்குக்கு முன்னால் மண் எடுக்க வேண்டும். ஒரே சீராக இருக்கும் வயல்பகுதியில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, 15 முதல் 20 இடங்களில் 15 அல்லது 20 சென்டிமீட்டர் ஆழம்வரை மண் எடுத்து வாளியில் மெதுவாகக் கலந்து, அரைக் கிலோ பாலிதீன் பையில் கட்டலாம். இந்தப் பையை வெயிலில் விடக்கூடாது. சூடேறினால் டோரிலைம்கள் போன்ற நொய்ந்தவை செத்துப்போகும், செபலோபிடே போன்றவை பிழைத்திருக்கும். அப்படி ஒரு மதியம் வண்டியில் கிடந்த பையில் நிலத்தின் கதைக்குப் பதிலாக வண்டிச் சூட்டின் கதைதான் கிடைக்கும்.

ஆய்வகத்தில் 200 சி.சி. மண்ணை வாளித் தண்ணீரில் கலக்கி, மணல் அடியில் தங்க அரை நிமிடம் விட்டு, மேல் நீரை முதலில் அகலக் கண் சல்லடையிலும், பிறகு 38 அல்லது 45 மைக்ரான் கண் கொண்ட நுண் சல்லடையிலும் ஊற்றுவார்கள். நுண் சல்லடையில் தங்கியதை மெல்லிய காகிதம் விரித்த கம்பிவலையில் பரப்பி, அடியில் தண்ணீர் தொடும்படி ஒன்றிரண்டு நாள் வைப்பார்கள். உயிருள்ள புழுக்கள் நெளிந்து காகிதத்தைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்கிவிடும். 1917-இல் பேர்மன் சொன்ன புனல் முறையின் மாற்று வடிவம் இது.

இறங்கியவற்றை எண்ணி மொத்தம் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, சூடான ஃபார்மலினில் பதப்படுத்தி, அவற்றுள் கண்ணில் பட்டபடி 150 அல்லது 200 புழுக்களை எடுத்து ஒவ்வொன்றையும் பெரிய உருப்பெருக்கத்தில் பார்த்துக் குடும்பமோ பேரினமோ எழுதுவார்கள். மெனக்கெட வேண்டிய வேலை இதுதான். இதற்குப் பழகிய கண் வேண்டும்.

முதல் கணக்கு

கணக்குப் புரிவதற்காக இரண்டு நிலங்களை நானே கற்பனையில் அமைத்துக்கொள்கிறேன். எண்கள் எளிமைக்காக வைத்தவை. ஒவ்வொன்றிலும் 200 புழுக்களை அடையாளம் கண்டோம், அவற்றில் 40 வேர் தின்னிகள் என்று வைப்போம். முதல் படி, அந்த 40-ஐத் தனியே எடுத்து வைப்பது. என்ன பயிர் நட்டிருக்கிறோம் என்பதைப் பொறுத்தே வேர் தின்னிகள் ஏறி இறங்கும். அவற்றைச் சேர்த்தால் மண்ணின் நிலையும் பயிரின் தேர்வும் குழம்பிவிடும். மீதி 160 பேர் இப்படி இருக்கிறார்கள்:

| குழு | மதிப்பு | முதல் நிலம் | இரண்டாம் நிலம் |
|---|---|---|---|
| பாக்டீரியா தின்னி, அவசரக்காரர் | 1 | 8 | 72 |
| பாக்டீரியா தின்னி, தாங்குகிறவர் | 2 | 118 | 42 |
| பூஞ்சை தின்னி | 2 | 30 | 10 |
| அனைத்துண்ணியும் வேட்டையாடியும் | 4 | 4 | 36 |
| மொத்தம் | | 160 | 160 |

போங்கர்ஸ் தந்த முதிர்ச்சிக் குறியீடு எடையிட்ட சராசரிதான். ஒவ்வொரு குழுவின் எண்ணிக்கையை அதன் மதிப்பால் பெருக்கிக் கூட்டி, மொத்தத்தால் வகுக்க வேண்டும்.

```
முதல் நிலம்:
MI = (8×1 + 148×2 + 4×4) / 160 = 320 / 160 = 2.0

இரண்டாம் நிலம்:
MI = (72×1 + 52×2 + 36×4) / 160 = 320 / 160 = 2.0
```

இரண்டுக்கும் 2.0. அட்டவணையை மறுபடி பாருங்கள். முதல் நிலத்தில் தாங்குகிறவர்களைத் தவிர ஏறக்குறைய யாருமில்லை. இரண்டாவதில் அவசரக்காரர்களும் நிதானக்காரர்களும் கூட்டமாக இருக்கிறார்கள். சராசரி எடுத்ததும் 1-ம் 4-ம் ஒன்றையொன்று அடித்து 2 என்று வந்துவிட்டது. ஒரு வீட்டில் எல்லோருக்கும் நடுத்தர உயரம், இன்னொரு வீட்டில் பாதிப்பேர் குள்ளம், பாதிப்பேர் நெட்டை என்றால் சராசரி உயரம் ஒன்றாகத்தானே வரும்? மண் பரிசோதனைத் தாளில் முதிர்ச்சிக் குறியீடு மட்டும் அச்சாகி வந்தால், இந்த இரண்டு நிலங்களையும் ஒன்றென்று நினைத்துவிடுவோம்.

இரண்டாம் கணக்கு

இந்தச் சிக்கலுக்கு 2001-இல் ஒரு வழி வந்தது. கலிஃபோர்னியாவின் டேவிஸில் இருந்த ஹோவர்ட் ஃபெரிஸ், போங்கர்ஸுடனும் ரோன் டி கூடேயுடனும் சேர்ந்து ஒற்றைச் சராசரியை இரண்டு அச்சுகளாகப் பிரித்தார். மண்ணுக்குப் புதிதாகச் சாப்பாடு வந்திருக்கிறதா என்பது ஒரு கேள்வி. உணவுச் சங்கிலியில் மேல்படிக்காரர்கள் பிழைத்திருக்கிறார்களா என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்கு ஊட்டக் குறியீடு, கணினித் திரையில் EI. இரண்டாவதற்குக் கட்டமைப்புக் குறியீடு, திரையில் SI.

இரண்டுக்கும் பொதுவான அளவுகோல், தாங்குகிறவர்கள். எங்கும் இருக்கும் அவர்களை அடித்தளமாக (b) வைத்து, அதற்கு எதிரே ஊட்டத்தைக் காட்டுபவர்களையும் (e) கட்டமைப்பைக் காட்டுபவர்களையும் (s) நிறுத்துகிறோம். கீழே Ba என்பது பாக்டீரியா தின்னி, Fu என்பது பூஞ்சை தின்னி, பக்கத்து எண் மதிப்பு.

```
b = 0.8 × (Ba2 + Fu2)
e = 3.2 × Ba1 + 0.8 × Fu2
s = 1.8 × cp3 + 3.2 × cp4 + 5.0 × cp5

EI = 100 × e / (e + b)
SI = 100 × s / (s + b)
```

பூஞ்சை தின்னிகள் b, e இரண்டிலும் வருவது அச்சுப் பிழையல்ல, சூத்திரமே அப்படித்தான். மதிப்பு 2 பெற்ற சில வேட்டையாடிகள் இருந்தால் அவையும் 0.8 எடையோடு s-இல் சேரும். நம் எடுத்துக்காட்டில் அவை இல்லை. இனி எண்களை இடுவோம்.

```
முதல் நிலம்:
b = 0.8 × 148 = 118.4
e = 3.2×8 + 0.8×30 = 49.6
s = 3.2×4 = 12.8
EI = 100 × 49.6 / 168.0 = 30
SI = 100 × 12.8 / 131.2 = 10

இரண்டாம் நிலம்:
b = 0.8 × 52 = 41.6
e = 3.2×72 + 0.8×10 = 238.4
s = 3.2×36 = 115.2
EI = 100 × 238.4 / 280.0 = 85
SI = 100 × 115.2 / 156.8 = 73
```

முதிர்ச்சிக் குறியீடு ஒன்றென்று சொன்ன இரண்டு நிலங்கள் இப்போது எதிரெதிர் மூலையில் நிற்கின்றன. ஊட்டக் குறியீட்டைச் செங்குத்தாகவும் கட்டமைப்புக் குறியீட்டைக் கிடையாகவும் வைத்து, 50-இல் கோடிழுத்து ஒரு சதுரத்தை நான்காக்கினால், முதல் நிலம் இடது கீழ்க் கட்டத்தில் விழும். சாப்பாடும் வரவில்லை, மேல்படிக்காரர்களும் இல்லை என்று அதற்குப் பொருள். இரண்டாம் நிலம் வலது மேல் கட்டத்தில் விழும். சாப்பாடு வந்திருக்கிறது, அதே சமயம் மேல்படிக்காரர்களும் கெடவில்லை.

உழுது எருவிட்ட காய்கறி நிலங்களில் அடிக்கடி காண்பது இடது மேல் கட்டம். சாப்பாடு உண்டு, வேட்டையாடிகள் இல்லை. கலைக்கப்படாத காட்டு மண்ணில் காண்பது பெரும்பாலும் வலது கீழ்க் கட்டம்.

மட்கு எந்த வழியாகச் சிதைகிறது என்று காட்ட மூன்றாவதாக ஒரு தடக் குறியீடும் உண்டு. e-இல் பூஞ்சை தின்னிகளின் பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்பதே அது. முதல் நிலத்தில் 24-ஐ 49.6-ஆல் வகுத்தால் 48, இரண்டாவதில் 8-ஐ 238.4-ஆல் வகுத்தால் 3. இரண்டாம் நிலத்தில் சிதைவு வேலையைப் பாக்டீரியா வழியே செய்கிறது. முதல் நிலத்தில் பூஞ்சை வழியும் பாதிக்குப் பாதி இருக்கிறது.

ஊட்டக் குறியீட்டுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? பாக்டீரியாவின் உடலில் நைட்ரஜன் செறிவு அதிகம், அதைத் தின்னும் நூற்புழுவின் உடலில் குறைவு. தனக்கு வேண்டாத நைட்ரஜனைப் புழு அமோனியமாக வெளியேற்றுகிறது, வேர் அதை எடுத்துக்கொள்கிறது. டேவிஸில் ரசாயன உரமில்லாமல் வளர்த்த தக்காளிக்குப் பருவத் தொடக்கத்தில் நைட்ரஜன் போதாமல் போனது. ஃபெரிஸ் குழு கோடை முடிவிலேயே நீர் பாய்ச்சி, மூடுபயிர் வளர்த்து, குளிர்காலத்துக்கு முன்பே மண்ணுயிர்களை எழுப்பிவிட்டது. பாக்டீரியா தின்னிகள் கூடின, அடுத்த வசந்தத்தில் மண்ணில் கனிம நைட்ரஜனும் கூடியது.

இந்தக் கணக்குகளை இப்போது கையால் போட வேண்டியதில்லை. 2014-இல் வெளியான NINJA என்ற இணையக் கருவியில் பட்டியலை ஏற்றினால் எல்லாக் குறியீடுகளும் வந்து விழும். ஆனால் ஒருமுறையாவது கையால் போட்டவருக்குத்தான் எந்த எண் எதனால் அசைகிறது என்பது தெரியும். அடுத்து சொல்லப்போவதற்கு அந்தப் பழக்கம் தேவை.

என்றைக்கு எடுத்த மண்?

இரண்டாம் நிலத்தில் இரண்டு வாரத்துக்கு முன் சாணம் கொட்டியிருந்தார்கள் என்று வைப்போம். இரண்டு மாதம் கழித்து மறுபடி மண் எடுக்கிறோம். அவசரக்காரர்கள் 72-இலிருந்து 14 ஆகிவிட்டார்கள், மற்றவர்கள் அப்படியே இருக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஊட்டக் குறியீடு 85-இலிருந்து 56-க்கு இறங்குகிறது. முதிர்ச்சிக் குறியீடு 2.0-இலிருந்து 2.57-க்கு ஏறுகிறது. கட்டமைப்புக் குறியீடு 73-இலேயே நிற்கிறது.

இதை "மண் வளம் குறைந்தது" என்றும் எழுதலாம், "மண் முதிர்ந்தது" என்றும் எழுதலாம். இரண்டுமே தவறு. விருந்து முடிந்தது, விருந்தாளிகள் கலைந்தார்கள், அவ்வளவுதான். அதனால்தான் போங்கர்ஸ் வழியில் வந்தவர்கள் மதிப்பு 1 பெற்றவர்களை நீக்கிவிட்டு இன்னொரு முதிர்ச்சிக் குறியீடும் போடுகிறார்கள். நம் இரண்டாம் நிலத்தில் அது இரண்டு முறையும் 2.82 என்றே வரும். முதல் நிலத்தில் 2.05. உறங்கும் இளம்புழுக்களையும் கணக்கிலிருந்து ஒதுக்க வேண்டும் என்பது அவர் சொன்னதே, அவை இன்றைய சுறுசுறுப்பைக் காட்டுவதில்லை.

ஆகவே தாளில் குறியீட்டுக்குப் பக்கத்தில் மண் எடுத்த தேதியும், கடைசியாக எரு இட்ட நாளும், கடைசியாக உழுத நாளும் எழுதியிருக்க வேண்டும். இவை இல்லாத ஊட்டக் குறியீடு தேதி இல்லாத காசோலை மாதிரி.

நான்கு புழுவின் கனம்

முதல் நிலத்தின் கட்டமைப்புக் குறியீடு 10 என்று வந்தது நான்கே நான்கு புழுக்களை நம்பி. அதே குப்பியிலிருந்து வேறொரு கைக்கு எடுத்து எண்ணியிருந்தால் 4-க்குப் பதில் 1 வந்திருக்கலாம், 8 வந்திருக்கலாம். இரண்டும் தற்செயலின் எல்லைக்குள்தான். மற்ற எண்களை மாற்றாமல் 1 என்று வைத்தால் குறியீடு 3, 8 என்று வைத்தால் 18. ஆக, "சென்ற ஆண்டு 3, இந்த ஆண்டு 18, கட்டமைப்பு ஆறு மடங்கு உயர்ந்தது" என்று ஒருவர் மகிழ்ந்தால், அவர் எண்ணும் தற்செயலைக் கொண்டாடுகிறார் என்று பொருள்.

இரண்டாம் நிலத்தில் 36-ஐ இதே போல் 24 வரை இறக்கினால் குறியீடு 65, 48 வரை ஏற்றினால் 79. முதல் நிலத்தின் எல்லையான 3 முதல் 18-ஐ இது எங்கும் தொடவில்லை. எனவே இரண்டு நிலங்களும் வேறு என்று சொல்லலாம். "73-க்கும் 70-க்கும் வித்தியாசம் உண்டு" என்று சொல்ல முடியாது. இது எண்ணும்போது வரும் தடுமாற்றம் மட்டுமே. வயலில் ஓர் அடி தள்ளித் தோண்டினால் வரும் வேறுபாடு தனி. அதை அறிய ஒரே வயலில் மூன்று நான்கு கலவை மாதிரிகளைத் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் குறியீடு போட்டு, அவை தங்களுக்குள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்க்க வேண்டும்.

தவறான அடையாளமும் இதே இடத்தில்தான் கடிக்கும். 3.2, 5.0 என்ற எடைகள் பெரியவை, மதிப்பு 4 பெற்ற ஒரு புழு மதிப்பு 2 பெற்ற நான்கு புழுக்களுக்குச் சமம். சிஃபினீமா என்ற வேர் தின்னிக்கும் டோரிலைம்களைப் போலவே வாயில் ஈட்டி உண்டு. அனுபவமில்லாதவர் அதை அனைத்துண்ணி என்று எழுதிவிடலாம். நம் 36-இல் 16 அப்படித் தவறாக எழுதப்பட்டவை என்றால் உண்மையான குறியீடு 73 அல்ல, 61. அந்த எடைகளும் ஆசிரியர்கள் தங்கள் மதிப்பீட்டில் வைத்தவை. மதிப்பை வர்க்கப்படுத்தி ஐந்தால் வகுத்தால் 0.8, 1.8, 3.2, 5.0 என்று வரிசையாக வந்துவிடும். அப்படிப்பட்ட எண்களை வைத்துப் போட்ட விடையில் தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் எழுதுவது வீண் நுணுக்கம்.

பிரித்தெடுக்கும் முறை மாறினாலும் கதை மாறும். காகிதம் விரித்த வலையில் சுறுசுறுப்பானவையே இறங்கும், மந்தமானவை மேலேயே தங்கிவிடும். சர்க்கரைக் கரைசலில் சுழற்றி மிதக்கவிடும் முறையில் அசையாதவையும் செத்தவையும்கூட வரும். ஒரு வருடம் ஒரு முறை, அடுத்த வருடம் மறுமுறை என்றால் இரண்டு தாள்களையும் ஒப்பிடவே கூடாது.

எண் சொல்லாதவை

முதல் நிலம் இடது கீழ்க் கட்டத்தில் விழுந்ததே, ஏன்? வறட்சியா, உப்பா, உலோகமா, மட்குப் பஞ்சமா, சென்ற பருவத்தில் போட்ட நூற்புழு மருந்தா? எண்ணுக்குத் தெரியாது. எல்லாமே டோரிலைம்களைக் குறைக்கும், எல்லாமே தாங்குகிறவர்களை மிச்சம் வைக்கும்.

காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் சோதனை வேண்டும். வாகெனிங்கனில் 1982-இல் வயல் பாத்திகளில் ஹெக்டேருக்கு 0, 250, 500, 750 கிலோ என வெவ்வேறு அளவில் செம்பு கலந்து, மண்ணின் அமிலத்தன்மையையும் நான்கு படிகளில் மாற்றி வைத்தார்கள். பத்தாண்டுக்குப் பின் கோர்தல்ஸும் போங்கர்ஸும் அங்கே நூற்புழுக்களை எண்ணியபோது, செம்பு கூடக் கூட அனைத்துண்ணிகளும் வேட்டையாடிகளும் முதலில் குறைந்திருந்தன. அமிலம் கூடிய பாத்திகளில் அதே அளவு செம்பு இன்னும் கடுமையாகத் தாக்கியிருந்தது. அமில மண்ணில் செம்பு எளிதில் கரைந்து புழுவைச் சென்றடைகிறது என்பதே காரணம். செம்பு அளவறிந்து இடப்பட்டிருந்ததால் அங்கே செம்பின் மேல் பழி போட முடிந்தது. நம் வயலில் அப்படி யாரும் பாத்தி பிரித்து வைக்கவில்லை. குறியீடு குறைந்திருந்தால் அடுத்து மண்ணின் உப்புத்தன்மை, கார அமில நிலை, மட்குக் கார்பன் ஆகியவற்றை அளக்க வேண்டும். கட்டத்தின் பெயரை நோயின் பெயராக எடுத்துக்கொள்ளக்கூடாது.

இன்னொன்று, இந்தக் குறியீடுகள் எல்லாம் விகிதங்கள். மொத்தம் 300 புழு இருந்தாலும் 3,000 இருந்தாலும், விகிதம் ஒன்றென்றால் குறியீடும் ஒன்றே. எவ்வளவு கார்பன் இவர்கள் வழியாகப் போகிறது என்று அறிய, உடல் எடையைக் கணக்கிட்டுப் போடும் வளர்சிதைத் தடம் என்ற அளவை ஃபெரிஸ் 2010-இல் தனியே தந்தார். அதேபோல் வெறும் மொத்தமும் ஏமாற்றும். 2019-இல் வெளியான உலகளாவிய கணக்கெடுப்பில் நூற்புழுக்கள் மிக அடர்த்தியாக இருந்தது வெப்பமண்டல வயல்களில் அல்ல, துருவத்தை ஒட்டிய குளிர்ந்த நிலங்களில். ஆகவே நெதர்லாந்திலோ கலிஃபோர்னியாவிலோ வந்த எண்ணை நம் கரிசல் மண்ணுக்கு மதிப்பெண் அட்டையாக வைக்க முடியாது. ஒப்பிட வேண்டியது அதே மண்ணில், அதே பருவத்தில், அதே கையால், அதே முறையில் எடுத்த பக்கத்து நிலத்தோடுதான்.

வரப்பிலிருந்து ஒரு பை

அந்தக் கத்தரி விவசாயியிடம் திரும்புவோம். 1,150 என்ற மொத்தத்தை வைத்து மருந்து போடுவதா வேண்டாமா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்கு விடை வேர் தின்னிகளின் எண்ணிக்கையிலும் வேரிலும் இருக்கிறது. வயலில் சோர்ந்து நின்ற இரண்டு செடிகளைப் பிடுங்கி, வாய்க்கால் நீரில் அலசினோம். முடிச்சு இல்லை.

"அப்ப அந்த ஆயிரம் புழு?"

"அதுல எத்தனை பேர் உங்க ஆளுங்கன்னு இனிமேதான் எண்ணணும். மருந்து போட்டா முடிச்சுப் புழுவோட அவங்களும் போயிடுவாங்க. அவசரக்காரங்க சீக்கிரம் வந்துடுவாங்க, வேட்டையாடுறவங்க வர நாளாகும்."

அவர் கத்தரி வயலில் ஒரு பை மண் எடுத்தார். அதே காலையில், பல வருடமாக மண்வெட்டி படாத வேலியோரத்து அகல வரப்பிலிருந்து இன்னொரு பை. இரண்டு பைகளிலும் தேதியும், எரு இட்ட நாளும், கடைசி உழவும் எழுதினார். ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தார். ஆய்வகத்துக்கு எழுதிய சீட்டில் நான் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: மொத்தம் மட்டும் போதாது, குடும்பவாரியாக எண்ணித் தரவும்.